முட்டிக்குப் பின்னால் போகும் ஒற்றை வழி

1785ஆம் ஆண்டு டிசம்பரில், லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் 45 வயதுக் குதிரைவண்டிக்காரர் ஒருவர் படுத்திருந்தார். வலி அவருடைய முட்டிக்குப் பின்புறம். அங்கே ஒரு வீக்கம் இருப்பதை அவர் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கவனித்திருந்தார். இப்போது அது தொடையிலிருந்து இறங்கும் தசைநார்களை இருபுறமும் விலக்கித் தள்ளும் அளவுக்குப் பெருத்திருந்தது. தொட்டால் நாடியைப் போலவே துடித்தது. முட்டிக்குப் பின்னால் ஓடும் தமனியின் சுவர் பலவீனமாகிப் பலூன்போல் உப்பியிருந்தது. மருத்துவர்கள் இதை அனியூரிசம் என்கிறார்கள்.

அந்தக் காலத்தில் இதற்கு இரண்டே வழிகள். உப்பலை நேரடியாகக் கீறித் திறந்து உள்ளேயே தமனியைக் கட்டலாம். ரத்தப்போக்கிலும் சீழிலும் பலர் இறந்துபோவார்கள். அல்லது காலையே வெட்டி எடுத்துவிடலாம். அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் மூன்றாவது வழி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். முட்டிப் பக்கமே போகாமல், தொடையின் நடுப்பகுதியில் உள்பக்கமாகக் கீறி, அங்கே நல்ல நிலையில் இருந்த தமனியைச் சுற்றி நூல்களால் கட்டினார். உப்பலுக்கு வரும் ரத்தம் மேலேயே நின்றுபோனது. முட்டிக்குக் கீழே கால் செத்துப்போகும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். கால் குளிரவில்லை. உப்பல் மெல்லச் சுருங்கியது. அவர் குணமாகி வண்டியோட்டும் வேலைக்கே திரும்பினார். 1787இல் வேறொரு காய்ச்சலில் இறந்தார். ஹன்டர் அந்தக் காலை வாங்கி அறுத்துப் பார்த்தார்.

இனி 160 ஆண்டுகள் தாண்டி வரலாம். இரண்டாம் உலகப் போரில் தமனி அறுபட்ட அமெரிக்க வீரர்களின் பதிவுகளை மைக்கேல் டிபேக்கியும் ஃபியோரிண்டோ சிமியோனும் தொகுத்து 1946இல் வெளியிட்டார்கள். மொத்தம் 2,471 காயங்கள். போர்முனையில் தமனியைத் தைத்துச் சரிசெய்ய நேரமும் வசதியும் பெரும்பாலும் கிடைக்காததால், அறுபட்ட குழாயைக் கட்டிவிடுவதே வழக்கமாக இருந்தது. அப்படி முட்டிக்குப் பின்னால் உள்ள தமனி காயப்பட்டவர்களில் 72.5 சதவீதம் பேர் காலை இழந்தார்கள்.

மயக்க மருந்தும் கிருமிநீக்கமும் இல்லாத 1785இல் ரத்த ஓட்டத்தை நிறுத்தியும் கால் பிழைத்தது. இரண்டும் இருந்த 1940களில் நான்கில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கால்கள் போயின. ரத்தம் தடைபட்டது ஒரே வழித்தடத்தில்தான். இந்த முரண்பாட்டுக்கு விடை, முட்டிக்குப் பின்னால் இருக்கும் சிறிய குழியின் அமைப்பில் இருக்கிறது.

குழியின் எல்லைகள்

காலை நீட்டி நின்றால் முட்டியின் பின்பக்கம் தட்டையாக, சற்றுப் புடைத்தும் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து முட்டியை மடக்கினால் அங்கே ஒரு பள்ளம் தெரியும். மருத்துவ நூல்கள் இதைப் பாப்லிட்டியல் குழி என்கின்றன. சாய்சதுர வடிவம், மேலே ஒரு கூர்முனை, கீழே ஒரு கூர்முனை, இரு பக்கமும் இரண்டு மூலைகள்.

இதன் எல்லைகளை விரலாலேயே தடவிப் பார்த்துவிடலாம். உட்கார்ந்தபடி குதிகாலை நாற்காலிக் காலில் வைத்துப் பின்னோக்கி அழுத்தினால், முட்டியின் இரு பக்கமும் கெட்டியான நார்கள் எழும்பும். வெளிப்பக்கம் எழுவது ஒற்றை நார். அது தொடையின் பின்புறத்திலுள்ள பைசெப்ஸ் ஃபெமோரிஸ் தசையுடையது. கீழே போய் ஃபிபுலா என்னும் மெல்லிய கால் எலும்பின் தலையில் ஒட்டுகிறது. உள்பக்கம் இரண்டு தசைகள். மேலாகக் கயிறுபோல் உருண்டு கைக்கு அகப்படுவது செமிடென்டினோசஸ். அதற்கடியில் அகலமாகப் படர்ந்திருப்பது செமிமெம்ப்ரனோசஸ். இவை மூன்றும் சேர்ந்து சாய்சதுரத்தின் மேல் பாதிக்கு இரு சுவர்களாகின்றன.

கீழ்ப் பாதிக்குச் சுவராக நிற்பது கெண்டைக்கால் தசை. அதற்கு இரண்டு தலைகள் உண்டு. தொடை எலும்பின் கீழ் முனையில் உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாகத் தொடங்கி, கீழே இறங்கும்போது ஒன்றையொன்று நெருங்கிச் சேர்ந்துவிடுகின்றன. வெளித்தலையோடு பிளாண்டாரிஸ் என்ற சின்னஞ்சிறு தசையும் ஒட்டிக்கொண்டு போகிறது.

இந்தக் குழிக்குத் தரையும் உண்டு, கூரையும் உண்டு. தரை என்பது ஆழத்தில், முட்டியின் முன்பக்கம் நோக்கி இருப்பது. மேலே தொடை எலும்பின் தட்டையான பின்பரப்பு, நடுவில் முட்டி மூட்டின் பின் உறை, கீழே பாப்லிட்டியஸ் என்னும் சிறு தசை ஆகிய மூன்றும் சேர்ந்த தளம் அது. கூரை என்பது தோலும், அதற்கடியில் இறுக்கமாக விரிந்திருக்கும் கெட்டியான சவ்வும். அந்தச் சவ்வு இலகுவில் விரிந்துகொடுக்காது. உள்ளே சீழோ ரத்தமோ கட்டியோ பெருகினால் வெளியே பெரிதாகத் தெரிவதற்கு முன்பே வலி கடுமையாக வருவது இதனால்தான். முட்டியை நீட்டினால் சவ்வு இறுகும், மடக்கினால் தளரும்.

நரம்பு, சிரை, தமனி

குழி நிறையக் கொழுப்பு. அதில் புதைந்து ஆறேழு நிணநீர்க் கணுக்களும், முக்கியமான மூன்று குழாய் வடங்களும் மேலிருந்து கீழே போகின்றன. பின்னாலிருந்து தோலைக் கடந்து உள்ளே போகும் ஒருவர் முதலில் சந்திப்பது நரம்பை; அடுத்துச் சிரையை; எல்லாவற்றுக்கும் ஆழத்தில், எலும்பை ஒட்டித் தமனியை.

இந்த வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அவை எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் போதும். காலுக்கான பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பு புட்டத்திலிருந்து தொடையின் பின்பக்கமாகவே இறங்குகிறது. ஆகவே குழிக்குள் நுழையும்போதும் அது பின்னால்தான், அதாவது தோலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். தமனியின் பயணம் வேறு. அது தொடை இடுக்கிலிருந்து முன்பக்கமாக இறங்கி, தொடையின் உள்பக்கத்தில் தசைகளுக்கிடையே ஒரு சந்து வழியாக வந்து, அடக்டர் மேக்னஸ் என்ற பெரிய தசையிலுள்ள ஓர் ஓட்டையைக் கடந்து பின்பக்கம் வருகிறது. முன்னாலிருந்து பின்னால் வருவதால் அது எலும்பை ஒட்டியே நிற்கிறது. குதிரைவண்டிக்காரரின் தமனியை ஹன்டர் கட்டியது அந்தச் சந்தில்தான். இன்றும் அதற்கு ஹன்டர் கால்வாய் என்று பெயர் வழங்குகிறது.

பக்கவாட்டு வரிசையும் இதே கணக்குத்தான். தமனி உள்பக்கத்திலிருந்து நுழைவதால் குழியின் மேல்பகுதியில் வெளியிலிருந்து உள்ளே எண்ணினால் நரம்பு, சிரை, தமனி. நடுவில் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைகின்றன. கீழே வரும்போது நரம்பு குறுக்காகத் தாண்டி உள்பக்கம் போய்விடுகிறது, தமனி வெளிப்பக்கமாகிறது. சிரை மட்டும் எப்போதும் இரண்டுக்கும் நடுவில். அது தமனியோடு ஒரே உறைக்குள் இறுக்கமாகச் சேர்ந்திருப்பதால், ஒன்றில் காயம் பட்டால் மற்றதிலும் பட வாய்ப்பு அதிகம்.

சயாட்டிக் நரம்பு பெரும்பாலோருக்குக் குழியின் மேல்முனைக்குப் பக்கத்தில் இரண்டாகப் பிரிகிறது. பெரிய கிளையான டிபியல் நரம்பு நட்டநடுவே நேராக இறங்கிக் கெண்டைக்காலுக்கும் உள்ளங்காலுக்கும் போகிறது. முன்பாதத்தைக் கீழே அழுத்தி நுனிக்காலில் நிற்க வைப்பது இதன் வேலை. சிறிய கிளையான காமன் ஃபிபுலார் நரம்பு, வெளிப்பக்கத் தசைநாரின் ஓரமாகவே போய், ஃபிபுலா எலும்பின் கழுத்தைச் சுற்றி முன்பக்கம் வருகிறது. பாதத்தையும் கால் விரல்களையும் மேலே தூக்குவது இதன் பொறுப்பு.

எலும்பைச் சுற்றும் அந்த இடத்தில் நரம்புக்கும் தோலுக்கும் நடுவில் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. முட்டியின் வெளிப்பக்கம் சற்றுக் கீழே தடவினால் ஒரு சிறு எலும்பு உருண்டை தட்டுப்படும். அதற்கு ஒரு விரலளவு கீழே நரம்பை விரலால் உருட்டியே பார்க்கலாம். அங்கே மாவுக்கட்டு இறுகினாலும், கால்மேல் கால் போட்டு நெடுநேரம் உட்கார்ந்தாலும், நாள் முழுக்கக் குந்தி வேலை செய்தாலும் பாதம் தொங்கிப்போகக்கூடும்.

தமனி ஆழத்தில் இருப்பதன் விளைவு வேறு. கத்தியோ கண்ணாடித் துண்டோ பின்னாலிருந்து பாய்ந்தால் நரம்பும் சிரையும் கொழுப்பும் அதற்கு முன்னால் நிற்கின்றன. ஆபத்து எலும்புப் பக்கத்திலிருந்து வந்தால் தடுக்க எதுவும் இல்லை. தொடை எலும்பு முட்டிக்குச் சற்று மேலே உடைந்தால், கெண்டைக்கால் தசை கீழ்த்துண்டைப் பின்னோக்கி இழுத்துச் சாய்த்துவிடும். உடைந்த விளிம்பு நேராகத் தமனியில் போய்க் குத்தும்.

நாடி பார்ப்பதும் சிரமம். மணிக்கட்டிலோ பாதத்தின் மேற்புறத்திலோ கிடைப்பதுபோல் இங்கே எளிதில் கைக்கு அகப்படாது. நோயாளியைப் படுக்கவைத்து, முட்டியைச் சற்று மடக்கிக் கூரைச் சவ்வைத் தளர்த்த வேண்டும். இரண்டு கட்டைவிரல்களையும் முட்டியின் முன்னால் வைத்து, மற்ற விரல்களின் நுனிகளைப் பின்னால் நடுக்கோட்டில் ஆழமாக அழுத்தி, தமனியை எலும்போடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். பழகிய கைக்கும் சிலரிடம் கிடைக்காது. மாறாக, சும்மா தொட்டதுமே அகலமாகத் துடிப்பு தெரிந்தால் அது மகிழ்ச்சியான செய்தியல்ல. அனியூரிசமா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவார்கள்.

இரு முனையும் கட்டிய குழாய்

தமனிக்கு வருவோம். குழியின் மேலே அடக்டர் மேக்னஸ் தசையின் ஓட்டையில் அது இறுக்கமாகப் பிடிபட்டிருக்கிறது. கீழே கெண்டைக்காலின் ஆழத்திலிருக்கும் சோலியஸ் தசையின் நார்வளைவுக்கு அடியில் நுழையும் இடத்தில் மறுபடியும் பிடிபடுகிறது. இரு கம்பங்களுக்கு நடுவே கட்டிய கொடிக்கயிறுபோல் அது நிற்கிறது. ஒரு கம்பம் இடம் பெயர்ந்தால் கயிறு விலகிக்கொள்ள வழியில்லை. நீண்டாக வேண்டும், அல்லது அறுந்தாக வேண்டும். முட்டி மூட்டு முழுவதுமாக விலகும்போது நடப்பது அதுதான்.

இன்னொரு விஷயம், இந்த இடத்தில் அது ஒற்றைக் குழாய் என்பது. தொடையில் இரண்டு பெரிய தமனிகள் இருக்கின்றன. ஒன்று அடைபட்டாலும் மற்றதன் கிளைகள் சுற்றிக்கொண்டு ரத்தத்தைக் கொண்டுபோகும். முட்டிக்குக் கீழே மூன்று தமனிகள். முட்டிக்கு நேர் பின்னால் மட்டும் ஒன்றே ஒன்று. மாற்றுவழி என்றால் முட்டியைச் சுற்றி வலையாகப் பின்னியிருக்கும் சிறு கிளைகள்தான். தமனியிலிருந்தே பிரியும் ஜெனிக்குலர் கிளைகள் ஐந்து: மேலே இரண்டு, கீழே இரண்டு, மூட்டுக்குள் போகும் நடுக்கிளை ஒன்று. தொடையிலிருந்தும் முட்டிக்குக் கீழேயிருந்தும் வரும் சில கிளைகள் இவற்றோடு சேர்கின்றன. முட்டியை மடக்கிக் குந்தும்போது பெரிய தமனி நசுங்கினாலும் கால் மரத்துப்போகாமல் ஓரளவு காப்பது இந்த வலைதான். ஆனால் திடீரென்று முழுக் காலின் சுமையும் விழுந்தால் இந்த மெல்லிய குழாய்களால் தாங்க முடியாது.

தாங்க வேண்டுமானால் அவற்றுக்கு அவகாசம் வேண்டும். குதிரைவண்டிக்காரருக்கு அது கிடைத்திருந்தது. மூன்று ஆண்டுகளாக வளர்ந்த உப்பல் ரத்த ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடுக்கத் தடுக்க, பக்கக் கிளைகள் விரிந்துகொண்டே வந்தன. ஹன்டர் நூலை இறுக்கியபோது மாற்றுவழி ஏற்கெனவே திறந்திருந்தது. அவர் கட்டியதும் தொடையில், முட்டி வலைக்கு வெகு மேலே. அதனால் வலையின் எந்தக் கிளையும் சேதப்படவில்லை. போர்க்காயத்தில் இந்த மூன்றும் தலைகீழ். குழாய் ஒரு நொடியில் அறுந்தது. அறுந்த இடம் வலையின் நடுமையம். குண்டுச் சிதறல் சுற்றியிருந்த கிளைகளையும் தசையையும் சேர்த்தே கிழித்தது. அதன்மேல் நூலைக் கட்டினால் காலுக்கு ரத்தம் போக வழியே இல்லை.

கொரியப் போரில் அறுவை மருத்துவர்கள் கட்டுவதை விட்டுவிட்டுத் தைத்துச் சேர்க்கத் தொடங்கினார்கள். அங்கே இந்தத் தமனிக் காயத்தில் கால் இழந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவராகக் குறைந்தார்கள்.

எந்தக் கட்டி?

துடிக்கும் உப்பல் இன்றும் உண்டு. முட்டிக்குப் பின்னால் கட்டி என்று வருபவர்களில் பலருக்கு இருப்பது அனியூரிசம் அல்ல, பேக்கர் நீர்க்கட்டி. 1877இல் இதை விவரித்த வில்லியம் மோரன்ட் பேக்கர் என்ற லண்டன் மருத்துவரின் பெயரால் அழைக்கப்படுகிறது. மூட்டுத் தேய்மானத்தாலோ வாதத்தாலோ முட்டிக்குள் நீர் அதிகமாகச் சுரந்தால், அது பின் உறை வழியாகக் கசிந்து, உள்பக்கத்தில் கெண்டைக்கால் தசைக்கும் செமிமெம்ப்ரனோசஸ் தசைக்கும் நடுவில் பையாகத் தேங்குகிறது. கால் நீட்டினால் கெட்டியாகும், மடக்கினால் தளரும். துடிக்காது. நடுக்கோட்டிலிருந்து உள்பக்கம் ஒதுங்கியே இருக்கும்.

அனியூரிசம் நடுக்கோட்டில் இருக்கும், துடிக்கும். உள்ளே ரத்தம் உறைந்துவிட்டால் துடிப்பு நின்றுவிடும் என்பதுதான் சிக்கல். அதனால் முட்டிக்குப் பின்னால் உள்ள எந்தக் கட்டியையும் அல்ட்ராசவுண்ட் பார்க்காமல் ஊசியாலோ கத்தியாலோ தொடக்கூடாது. பெரும்பாலும் 60 வயது தாண்டிய ஆண்களுக்கே இது வருகிறது. வயிற்றுத் தமனி அனியூரிசம் வெடிக்கும் என்று பயப்படுவார்கள். இங்கே பயம் அடைப்பைப் பற்றியது. உப்பலுக்குள் உறைந்த துண்டுகள் சிதறிக் கீழேயுள்ள மூன்று தமனிகளையும் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வரும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் அகலமிருந்தால் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள். ஒரு காலில் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மறுகாலிலும் இருப்பதால், இரண்டு முட்டிகளையும் வயிற்றையும் சேர்த்தே ஸ்கேன் செய்கிறார்கள்.

மூட்டு விலகிய கால்

இந்தக் குழியின் அமைப்பு மருத்துவரின் ஒவ்வொரு முடிவையும் எப்படித் தீர்மானிக்கிறது என்பதை ஒரு மாதிரி நோயாளியை வைத்துப் பார்க்கலாம். 26 வயது இளைஞர், பைக் விபத்து. முட்டிக்குக் கீழே முன்பக்கத்தில் பலமான அடி. காலெலும்பு பின்னோக்கித் தள்ளப்பட்டு, முட்டி மூட்டு முழுவதும் விலகியிருக்கிறது. தூக்கி வண்டியில் ஏற்றும்போதே அது தானாக இடத்துக்கு வந்துவிட்டது. மருத்துவமனையில் எக்ஸ்ரேயில் எலும்புகள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன, முறிவும் இல்லை. முட்டி வீங்கியிருக்கிறது. வெறும் தசைநார்ப் பிசகு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடிய நிலை.

அனுபவமுள்ள மருத்துவர் முட்டியை மெல்ல அசைத்துப் பார்ப்பார். பல திசைகளிலும் ஆடினால், பல தசைநார்கள் ஒரே சமயத்தில் அறுந்திருக்கின்றன என்று பொருள். எக்ஸ்ரே என்ன சொன்னாலும் மூட்டு விலகித்தான் இருந்திருக்கிறது. 1977இல் கிரீன், ஆலன் என்ற இருவர் இத்தகைய 245 முட்டிகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் 32 சதவீதத்தில் தமனி காயப்பட்டிருந்தது. ஆகவே அடுத்த கேள்வி பாதத்துக்கு ரத்தம் போகிறதா என்பதே.

இளைஞரின் பாதம் இளஞ்சூடாக இருக்கிறது. மேற்புறத்தில் நாடி மெலிந்து தட்டுப்படுகிறது. இங்கேதான் ஏமாற்றம் நடக்கிறது. தமனியின் சுவர் மூன்று அடுக்கு. இழுபட்ட குழாயில் முதலில் கிழிவது உள் அடுக்கு. வெளி அடுக்கு பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. ரத்தம் வெளியே கொட்டாது, நாடியும் முதலில் நிற்காது. கிழிந்த உள்ளடுக்கு மடிந்து தொங்க, அதன்மேல் ரத்தம் உறைந்து, சில மணி நேரத்தில் குழாய் அடைபடும். அதனால் விரலை மட்டும் நம்பக்கூடாது.

நம்ப வேண்டியது ஓர் எளிய வகுத்தலை. கணுக்காலில் பட்டையைச் சுற்றி, டாப்ளர் கருவியால் ஓசை கேட்டு மேல் ரத்த அழுத்தத்தை அளக்கிறார்கள்: 84. கையில்: 124. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் சுமார் 0.68. ஆரோக்கியமான காலில் இது ஒன்றுக்குப் பக்கத்தில் அல்லது சற்று மேலே இருக்கும். 2004இல் வெளியான ஓர் ஆய்வில் முட்டி விலகிய 38 பேரை இப்படி அளந்தார்கள். 0.9க்குக் குறைவாக வந்த 11 பேருக்கும் தமனி அறுவை தேவைப்பட்டது. மற்ற 27 பேரில் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. எண் நன்றாக இருந்தாலும் நோயாளியை ஓரிரு நாள் வைத்து, திரும்பத் திரும்ப அளந்து பார்ப்பார்கள். உள்ளடுக்குக் கிழிசல் தாமதமாகவும் அடைக்கலாம் என்பதால்.

0.68 என்றால் காத்திருக்க இடமில்லை. சிடி ஆஞ்சியோ எடுத்ததில், முட்டி மூட்டுக்கு நேர் பின்னால் தமனி திடீரென்று முடிந்து, கொஞ்சம் கீழே மெல்லிய கோடாக மறுபடி தெரிகிறது. அந்த மெல்லிய கோடு பக்கக் கிளைகள் கொண்டுவந்த ரத்தம். பாதம் சூடாக இருந்ததன் ரகசியமும் அதுதான். ஆனால் ஓய்விலிருக்கும் தோலைச் சூடாக வைக்கப் போதுமான ரத்தம், தசையை உயிரோடு வைக்கப் போதாது.

கடிகாரம் விபத்து நடந்த நிமிடத்திலிருந்து ஓடுகிறது, மருத்துவமனைக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. ரத்தமில்லாத தசை ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குப் பிறகு மீளாத சேதத்துக்குள் போகிறது. கிரீன், ஆலன் பட்டியலில் எட்டு மணி நேரத்துக்குள் தமனி சரிசெய்யப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கால் தப்பியது. அதற்குமேல் தாமதமானவர்களில் 86 சதவீதம் பேர் காலை இழந்தார்கள்.

அறுவை அரங்கில் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துப் பின்னாலிருந்து குழியைத் திறக்கலாம். அப்படிச் செய்யும்போது நேராகக் கீறாமல் எஸ் வடிவில் கீறுவார்கள். மடிப்புக்குக் குறுக்கே நேர்த் தழும்பு விழுந்தால் அது சுருங்கி முட்டியை நீட்டவிடாது. ஆனால் இந்தத் திசையில் முதலில் எதிர்ப்படுவது நரம்பு, பிறகு சிரை. தமனி கடைசியில்தான் கிடைக்கும். அதனால் விபத்துகளில் பலரும் மல்லாக்கப் படுத்த நிலையில் முட்டியின் உள்பக்கமாகப் போகிறார்கள். தமனியின் மேல்பகுதி அந்தப் பக்கத்திலிருந்து வருவதால், நரம்பைத் தொடாமலே அதை எட்டலாம். தேவைப்பட்டால் கீறலை மேலும் கீழும் நீட்டலாம்.

கிழிந்த துண்டை வெட்டி எடுத்துவிட்டு, காயப்படாத மறுகாலின் தோலடிச் சிரையில் ஒரு துண்டு எடுத்து இடையில் வைத்துத் தைக்கிறார்கள். சிரையில் வால்வுகள் உண்டு. அவை ரத்தத்தை இதயம் நோக்கி மட்டுமே விடும். எனவே துண்டைத் தலைகீழாகத் திருப்பி வைக்க வேண்டும். பக்கத்துச் சிரையும் கிழிந்திருந்தால், முடிந்தவரை அதையும் தைப்பார்கள். வந்த ரத்தம் திரும்பிப் போக அதுவே முக்கிய வழி.

ரத்தம் திரும்ப வந்ததும் வேலை முடிவதில்லை. மணிக்கணக்கில் பட்டினி கிடந்த தசை, ரத்தம் கிடைத்தவுடன் வீங்கும். கெண்டைக்கால் பகுதியின் தசைகள் விரிந்துகொடுக்காத உறைகளுக்குள் நான்கு அறைகளாக இருக்கின்றன. உள்ளே அழுத்தம் ஏறினால், சரிசெய்த தமனியின் ரத்தமும் தசைக்குள் நுழையாது. ஆகவே தாமதமான கால்களில் இரண்டு நீளமான கீறல்களால் நான்கு அறைகளையும் திறந்து வைத்து, வீக்கம் வடிந்த பிறகு மூடுகிறார்கள்.

மிஞ்சியிருப்பது நரம்பு. இளைஞரால் முன்பாதத்தைக் கீழே அழுத்த முடிகிறது. மேலே தூக்க முடியவில்லை. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட தோலில் உணர்வில்லை. ரத்தமின்மையால் வரும் மரமரப்பு காலுறை போட்ட மாதிரி பாதத்தைச் சுற்றிலும் பரவும், நேரம் போகப்போகக் கூடும். ஒரே நரம்பின் எல்லைக்குள் நிற்கும் இந்தக் குறை, முட்டி விலகியபோது காமன் ஃபிபுலார் நரம்பு இழுபட்டதைச் சொல்கிறது. நடுவில் கொழுப்பிலே தளர்வாகப் போகும் டிபியல் நரம்பு தப்பியது. எலும்பின் கழுத்தைச் சுற்றி இறுகிப் பிடிபட்ட நரம்பு தப்பவில்லை.

நரம்பு மறுபடி வளர்ந்தால் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். முட்டியிலிருந்து கீழேயுள்ள தசைகளை எட்ட மாதக்கணக்கு ஆகும். அதுவரை பாதம் தொங்காமலிருக்கக் கணுக்காலுக்குப் பிளாஸ்டிக் தாங்கி மாட்டுகிறார்கள். இல்லாவிட்டால் பாதம் தொங்கிய நிலையிலேயே இறுகிவிடும். ஓராண்டு தாண்டியும் அசைவு வரவில்லையென்றால் வேறு வழி இருக்கிறது. டிபியல் நரம்பு இயக்கும் டிபியாலிஸ் போஸ்டீரியர் என்ற தசையின் நாரை உள்ளங்காலிலிருந்து விடுவித்து, பாதத்தின் மேற்புறத்துக்குக் கொண்டுவந்து தைக்கிறார்கள். இதுவரை பாதத்தை உள்நோக்கித் திருப்பிக் கீழே இழுத்த தசை இனி மேலே இழுக்க வேண்டும். அதற்கு அந்தத் தசையைப் பழக்குவது பிசியோதெரபிஸ்டின் வேலை.